கேட்டுப் படிக்கும் ஸ்லைடுகள்: மாற்றுரை, வாசிப்பு வரிசை, வசனவரி

திரைவாசிப்பான் என்பது கணினித் திரையில் உள்ள எழுத்தைக் குரலாகவோ பிரெய்ல் புள்ளிகளாகவோ மாற்றித் தரும் மென்பொருள். பார்வை மாற்றுத்திறனாளிகள் கணினியையும் கைபேசியையும் இதன் துணையால்தான் பயன்படுத்துகிறார்கள். விண்டோஸ் கணினிக்கு என்விடிஏ என்னும் திரைவாசிப்பான் இலவசமாகக் கிடைக்கிறது. அதனுடன் வரும் இ-ஸ்பீக் என்ற குரல் தொகுப்பில் தமிழும் உண்டு.

வகுப்பறையில் காட்டுவதற்காகத் தயாரிக்கும் பவர்பாயிண்ட் கோப்பு பார்ப்பவருக்கு எவ்வளவு தெளிவாக இருந்தாலும், திரைவாசிப்பானில் கேட்பவருக்குப் புரியாமல் போகலாம். அப்படிப் போகாமல் இருக்க மூன்று வேலைகள் செய்ய வேண்டும். படங்களுக்கு மாற்றுரை எழுத வேண்டும், ஸ்லைடில் உள்ளவற்றின் வாசிப்பு வரிசையைச் சரிசெய்ய வேண்டும், காணொளிக்கு வசனவரியும் விவரிப்பும் சேர்க்க வேண்டும். இந்தக் கட்டுரை அம்மூன்றையும் ஒரே பாடக் கோப்பைக் கொண்டு விளக்குகிறது. இங்குக் கூறப்படும் படிகள் விண்டோஸில் இயங்கும் மைக்ரோசாஃப்ட் 365 பவர்பாயிண்டுக்கு உரியவை.

திரைவாசிப்பான் ஸ்லைடை எப்படிப் படிக்கிறது?

கண்ணால் பார்ப்பவர் ஸ்லைடை ஒரே பார்வையில் முழுமையாகக் காண்கிறார். பெரிய எழுத்து தலைப்பு என்பதும், அம்புக்குறி எதிலிருந்து எதை நோக்கிச் செல்கிறது என்பதும், படத்துக்குக் கீழே உள்ள எழுத்து அந்தப் படத்துக்கு உரியது என்பதும் யாரும் சொல்லாமலே அவருக்குத் தெரிந்துவிடுகின்றன. திரைவாசிப்பானுக்கு இந்தப் பார்வை கிடையாது. ஸ்லைடில் உள்ள பொருள்களை அது ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் படிக்கிறது. எழுத்துப்பெட்டி என்றால் அதிலுள்ள எழுத்தைப் படிக்கும். படம் என்றால் அதனுடன் சேர்த்து எழுதப்பட்ட மாற்றுரையைப் படிக்கும். மாற்றுரை இல்லையென்றால் Picture 5 என்பது போன்ற வெறும் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும்.

ஆகவே, பார்ப்பவருக்குப் பரப்பாக இருக்கும் ஸ்லைடு, கேட்பவருக்கு ஒரு நீண்ட வரியாக மாறுகிறது. அந்த வரியில் என்ன சொற்கள் இருக்கின்றன என்பதை மாற்றுரை முடிவு செய்கிறது. அவை எந்த முறையில் வருகின்றன என்பதை வாசிப்பு வரிசை முடிவு செய்கிறது.

எடுத்துக்காட்டுப் பாடம்

சந்திர கிரகணம் பற்றிய ஐந்து ஸ்லைடு கொண்ட ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம்.

1. தலைப்பு ஸ்லைடு. பின்புறத்தில் அழகுக்காக ஒரு முழுநிலவுப் படம்.
2. கிரகணம் உண்டாகும் விதத்தைக் காட்டும் வரைபடம். வட்டங்கள், கோடுகள், பெயர்ப்பெட்டிகள் எனப் பல துண்டுகளால் வரையப்பட்டது.
3. 2025 செப்டம்பர் 7 இரவு இந்தியாவில் தெரிந்த முழுச் சந்திர கிரகணத்தின் மூன்று கட்டங்கள். மூன்று ஒளிப்படங்களும் அவற்றுக்குக் கீழே நேரமும்.
4. கிரகணத்தைக் காட்டும் ஒரு சிறு காணொளி, பின்னணியில் ஆசிரியரின் குரல்.
5. ஒரு படமும் ஒரு வினாவும்.

முதலில் எழுத்துருவைப் பாருங்கள்

தமிழ்க் கோப்புகளில் காணப்படும் ஒரு சிக்கலை முதலில் தீர்க்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பாடங்கள் பள்ளிகளில் இன்னும் புழக்கத்தில் உள்ளன. அவற்றில் திரையில் தமிழ் தெரிந்தாலும் கோப்புக்குள் சேமிக்கப்பட்டிருப்பவை ஆங்கில எழுத்துகளே. "தமிழ்" என்ற சொல் பாமினியில் `jkpo;` என்றுதான் சேமிக்கப்படுகிறது. திரைவாசிப்பான் எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை. சேமிக்கப்பட்ட குறியீட்டையே படிக்கிறது. அதனால் கேட்பவர் காதில் பொருளற்ற ஆங்கில ஒலிகள்தான் விழும்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஸ்லைடில் உள்ள ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, எழுத்துருவை விண்டோஸில் உள்ள Nirmala UI என்பதற்கு மாற்றுங்கள். எழுத்து தமிழாகவே நின்றால் அது ஒருங்குறி, கவலையில்லை. ஆங்கில எழுத்துகளாக மாறிவிட்டால் அது பழைய குறியீடு. அப்படியானால் எழுத்துருமாற்றி ஒன்றின் துணையால் உரை முழுவதையும் ஒருங்குறிக்கு மாற்றிய பிறகே மற்ற வேலைகளைத் தொடங்க வேண்டும்.

எழுத்துகளைப் படமாக ஒட்டியிருந்தாலும் இதே நிலைதான். பாடநூல் பக்கத்தை ஒளிப்படம் எடுத்து ஸ்லைடில் வைத்தால் அதில் உள்ள ஒரு சொல்லும் திரைவாசிப்பானுக்குத் தெரியாது. அதைத் தட்டச்சு செய்துதான் ஆக வேண்டும்.

மாற்றுரை எழுதுதல்

படத்தின்மீது வலது சொடுக்குச் செய்தால் வரும் பட்டியலில் View Alt Text அல்லது Edit Alt Text என்பதைத் தேர்ந்தெடுத்தால், வலப்புறம் ஒரு பெட்டி திறக்கும். அதில் எழுதுவதே மாற்றுரை. எங்கே எழுதுவது என்பது இவ்வளவுதான். என்ன எழுதுவது என்பதில்தான் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

ஒவ்வொரு படத்தையும் பார்த்து, "இந்த ஸ்லைடில் இந்தப் படம் என்ன வேலை செய்கிறது?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். படத்தில் என்னென்ன இருக்கின்றன என்று கணக்கெடுக்கத் தேவையில்லை.

முதல் ஸ்லைடில் உள்ள முழுநிலவுப் படம் எதையும் கற்பிக்கவில்லை. அதை எடுத்துவிட்டாலும் பாடத்தில் குறை வராது. இப்படிப்பட்ட படத்துக்கு மாற்றுரைப் பெட்டியில் உள்ள Mark as decorative என்னும் கட்டத்தில் குறியிட்டால், அது அலங்காரம் என்று கோப்பில் பதிவாகும். அலங்காரப் படத்தையெல்லாம் விவரித்தால் கேட்பவருக்கு நேரம்தான் வீணாகும்.

இரண்டாம் ஸ்லைடில் உள்ள வரைபடமே அந்த ஸ்லைடின் பாடம். அதற்கு "சந்திர கிரகணப் படம்" என்று எழுதினால் மாற்றுரை இருக்கிறது என்ற கணக்கு முடியும். மாணவருக்கு ஒன்றும் கிடைக்காது. ஸ்லைடின் தலைப்பே அதைத்தான் சொல்கிறது. பின்வருமாறு எழுதலாம்:

"இடமிருந்து வலமாக ஒரே நேர்க்கோட்டில் சூரியன், பூமி, நிலவு. பூமி சூரிய ஒளியைத் தடுப்பதால் அதன் பின்னால் கூம்பு வடிவக் கருநிழல் விழுகிறது. கருநிழலைச் சூழ்ந்து விரிந்த புறநிழல் உள்ளது. நிலவு முழுவதும் கருநிழலுக்குள் இருக்கிறது."

இதில் சூரியன் மஞ்சள், பூமி நீலம் என்று எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த வண்ணங்கள் வரைந்தவரின் விருப்பம், பாடத்துக்குத் தொடர்பில்லை. வரிசை, நிழலின் வடிவம், நிலவு நிற்கும் இடம் ஆகிய மூன்றும்தான் கிரகணத்தை விளக்குகின்றன. "படம்" என்ற சொல்லாலும் தொடங்கவில்லை. அது படம் என்பதைத் திரைவாசிப்பான் தானே முதலில் அறிவித்துவிடும்.

மாற்றுரை போதுமா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. எழுதியதைத் தொலைபேசியில் ஒருவருக்குப் படித்துக் காட்டி, ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். அவர் வரைந்ததைக் கொண்டு நீங்கள் அதே பாடத்தை நடத்த முடியும் என்றால் மாற்றுரை சரி. நிலவைச் சூரியனுக்கும் பூமிக்கும் நடுவில் வரைந்துவிட்டார் என்றால், வரிசையைச் சொல்லும் வாக்கியம் தெளிவாக இல்லை என்று பொருள்.

மூன்றாம் ஸ்லைடில் நிலைமை மாறுகிறது. அங்கே வண்ணம்தான் பாடம். முழுக் கிரகணத்தின்போது பூமியின் வளிமண்டலம் சிவப்பு ஒளியை வளைத்து நிழலுக்குள் அனுப்புவதால் நிலவு செம்பு நிறமாகத் தெரிகிறது. ஆகவே அந்த மூன்று ஒளிப்படங்களுக்கும் மாற்றுரை இப்படி அமையும்: "ஒளிரும் முழுநிலவு, ஒரு விளிம்பில் மட்டும் கருமை." "நிலவு முழுவதும் மங்கிய செம்பு நிறம்." "செம்பு நிற நிலவின் விளிம்பில் வெள்ளை ஒளிக்கீற்று." வரைபடத்தில் வண்ணத்தை விட்டோம், இங்கே வண்ணத்தைச் சொல்கிறோம். இரண்டிலும் விதி ஒன்றே.

ஐந்தாம் ஸ்லைடு ஒரு வினா. சூரியன், நிலவு, பூமி என்ற வரிசையில் அமைந்த ஒரு படத்தைக் காட்டி, "இது எவ்வகைக் கிரகணம்?" என்று கேட்கிறது. இதன் மாற்றுரையில் "சூரிய கிரகணம்" என்று எழுதினால் விடையைச் சொல்லிவிட்டதாகும். ஒன்றும் எழுதாவிட்டால் அந்த மாணவரால் வினாவுக்கு விடையளிக்கவே முடியாது. பார்க்கும் மாணவருக்குக் கிடைக்கும் அதே தகவல், கூடவும் குறையவும் இல்லாமல், கேட்கும் மாணவருக்கும் கிடைக்க வேண்டும்:

"ஒரே நேர்க்கோட்டில் மூன்று வட்டங்கள். இடப்பக்கம் ஒளி வீசும் பெரிய வட்டம் அ. நடுவில் மிகச் சிறிய வட்டம் ஆ. வலப்பக்கம் நடுத்தர வட்டம் இ. ஆ-வின் நிழல் இ-யின் ஒரு சிறு பகுதியில் விழுகிறது."

அ, ஆ, இ என்ற குறிகள் படத்திலும் அப்படியே இருக்க வேண்டும். அப்போதுதான் வகுப்பில் "நடுவில் உள்ள ஆ எது?" என்று ஆசிரியர் கேட்கும்போது எல்லா மாணவரும் ஒரே பொருளை நினைப்பார்கள்.

இரண்டாம் ஸ்லைடின் வரைபடம் பற்றி இன்னும் ஒன்று. அது ஒரே படம் அன்று, பல துண்டுகள். அப்படியே விட்டால் திரைவாசிப்பான் ஒவ்வொரு வட்டத்தையும் கோட்டையும் தனித்தனியாக அறிவிக்கும். எல்லாத் துண்டுகளையும் தேர்ந்தெடுத்து Ctrl+G அழுத்தினால் அவை ஒரே தொகுதியாகும். மாற்றுரையைத் தொகுதிக்கு எழுதலாம். தொகுத்த பிறகும் உள்ளே இருக்கும் பெயர்ப்பெட்டிகள் தனியாகப் படிக்கப்படுகின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். படிக்கப்பட்டால், தொகுதியை வெட்டி, Paste Special வழியாக PNG படமாக ஒட்டி, அந்த ஒற்றைப் படத்துக்கு மாற்றுரை எழுதுவது உறுதியான வழி. படமாக்கிய பின் வரைபடத்தைத் திருத்த முடியாது என்பதால், மூலத்தை வேறொரு கோப்பில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாசிப்பு வரிசை

திரைவாசிப்பான் ஸ்லைடை மேலிருந்து கீழாகப் படிக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். பவர்பாயிண்டில் அது அப்படியில்லை. பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட தாள்கள் போலக் கோப்பில் இருக்கின்றன. அடியில் உள்ளது முதலில் படிக்கப்படும். மேலே உள்ளது கடைசியில் படிக்கப்படும். புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொன்றும் அடுக்கின் மேலே போய் உட்காருவதால், பெரும்பாலும் நீங்கள் ஸ்லைடைத் தயாரித்த வரிசையே வாசிப்பு வரிசையாகிவிடுகிறது.

மூன்றாம் ஸ்லைடைத் தயாரித்தவர் முதலில் மூன்று ஒளிப்படங்களை ஒட்டினார் என்று வைத்துக்கொள்வோம். பிறகு முதல் படத்தின் கீழ் "இரவு 9.57: கருநிழல் நிலவின்மீது படத் தொடங்கியது" என்று எழுதினார். அடுத்து மூன்றாம் படத்தின் கீழ் "நள்ளிரவு 12.23: முழுக் கிரகணம் முடிந்தது" என்று எழுதினார். நடுப்படத்துக்கு எழுத மறந்தது நினைவுக்கு வர, "இரவு 11.01: முழுக் கிரகணம் தொடங்கியது" என்று சேர்த்தார். கடைசியாக ஒரு எழுத்துப்பெட்டி வைத்துத் தலைப்பைப் பெரிய எழுத்தில் போட்டார். திரையில் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. திரைவாசிப்பானோ மூன்று படங்களின் மாற்றுரையை ஒரே மூச்சில் படித்துவிட்டு, 9.57, 12.23, 11.01 என்று நேரங்களைச் சொல்லி, தலைப்பைக் கடைசியில் அறிவிக்கிறது. கேட்கும் மாணவருக்கு முழுக் கிரகணம் தொடங்கும் முன்பே முடிந்துவிட்டது. எந்த நேரம் எந்தப் படத்துக்கு உரியது என்பதும் அவருக்குத் தெரியாது.

சரியான வரிசை இது: தலைப்பு, முதல் படம், முதல் நேரம், இரண்டாம் படம், இரண்டாம் நேரம், மூன்றாம் படம், மூன்றாம் நேரம்.

இதைச் சரிசெய்ய Review என்ற பட்டையில் Check Accessibility என்பதன் கீழுள்ள அம்பைச் சொடுக்கி, Reading Order Pane என்பதைத் திறக்க வேண்டும். ஸ்லைடில் உள்ள பொருள்கள் படிக்கப்படும் வரிசையில் மேலிருந்து கீழாகப் பட்டியலிடப்பட்டிருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து மேல், கீழ் அம்புகளால் நகர்த்தலாம். பழைய பவர்பாயிண்டில் இந்தப் பட்டியல் இல்லை. அதில் Alt+F10 அழுத்தினால் வரும் Selection Pane என்பதைப் பயன்படுத்தலாம். ஆனால் அதில் வரிசை தலைகீழ்: பட்டியலின் அடியில் இருப்பதுதான் முதலில் படிக்கப்படும். இது தெரியாமல் தலைப்பை மேலே கொண்டுபோய் வைத்தால், சரிசெய்வதாக நினைத்துக் கடைசிக்குத் தள்ளியதாகிவிடும்.

இரண்டு பட்டியல்களிலும் வரிசையை மாற்றும்போது அடுக்கும் சேர்ந்தே மாறுகிறது. பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்று படாமல் இருந்தால் திரையில் எந்த மாற்றமும் தெரியாது. படத்தின்மேல் எழுத்தை வைத்திருந்தால், எழுத்தை முதலில் படிக்கும்படி நகர்த்தியவுடன் அது படத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். எழுத்தைப் படத்துக்குக் கீழே தனி இடத்தில் வைப்பது இந்தத் தொல்லையைத் தவிர்க்கும்.

தலைப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெரிய எழுத்தில் போட்டால் மட்டும் அது தலைப்பாகிவிடாது. ஸ்லைடின் அமைப்பிலேயே Click to add title என்று ஓர் இடம் இருக்கும். தலைப்பை அங்கேதான் எழுத வேண்டும். கேட்பவர் ஸ்லைடுகளைத் தலைப்பைக் கொண்டுதான் அடையாளம் காண்கிறார் என்பதால், "சந்திர கிரகணம்" என்றே ஐந்து ஸ்லைடுகளுக்கும் தலைப்பிடாமல், "கிரகணம் உண்டாகும் விதம்", "2025 கிரகணத்தின் மூன்று கட்டங்கள்" என்று தனித்தனியே வையுங்கள். View பட்டையில் Outline View என்பதைத் திறந்தால், சரியான இடத்தில் எழுதப்பட்ட தலைப்புகள் மட்டும் வரிசையாகத் தெரியும். ஒரு ஸ்லைடுக்கு எதிரே வெறுமையாக இருந்தால் அங்கே தலைப்பு வெறும் எழுத்துப்பெட்டியில் இருக்கிறது.

காணொளி: வசனவரி யாருக்கு, விவரிப்பு யாருக்கு?

காணொளிக்கு வசனவரி சேர்த்துவிட்டால் பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கும் வசதி செய்தாயிற்று என்று எண்ணிவிடுவது உண்டு. வசனவரி என்பது காணொளியில் கேட்கும் பேச்சையும் முக்கிய ஒலிகளையும் எழுத்தில் காட்டுவது. அது செவித்திறன் குறைந்தோருக்கானது. பார்வை இல்லாதவருக்குப் பேச்சு ஏற்கெனவே கேட்கிறது; அவருக்குக் கிடைக்காதது காட்சி. அதற்குத் தேவை ஒலி விவரிப்பு. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவும் மின்னணு ஊடகங்களுக்கு ஒலி விவரிப்பு, சைகைமொழி, வசனவரி ஆகிய மூன்றையும் தனித்தனியே குறிப்பிடுகிறது.

நான்காம் ஸ்லைடின் காணொளியில் ஆசிரியர் இப்படிப் பேசுகிறார்: "பாருங்கள், ஆரம்பித்துவிட்டது. இதோ, இப்போது முழுவதும் மாறிவிட்டது!" இதை அப்படியே வசனவரியாக்கினால் செவித்திறன் குறைந்த மாணவர் காட்சியோடு சேர்த்துப் புரிந்துகொள்வார். பார்வையற்ற மாணவருக்கு எது ஆரம்பித்தது, எது மாறியது என்று எதுவும் விளங்காது.

இங்கே சிறந்த வழி பேச்சையே மாற்றிப் பதிவு செய்வது. "நிலவின் விளிம்பில் இப்போது கருநிழல் படத் தொடங்குகிறது. நிலவு முழுவதும் செம்பு நிறமாகிவிட்டது" என்று, காண்பதைச் சொல்லாக்கிப் பேசினால் தனியாக ஒலி விவரிப்பு தேவைப்படாது. அந்தப் பேச்சை வசனவரியாக்கினால் செவித்திறன் குறைந்தோருக்கும் நிறைவாக இருக்கும்.

வசனவரிக் கோப்பை நோட்பேடில் எழுதலாம். அதன் வடிவம் இது:

```
WEBVTT

00:00:02.000 --> 00:00:06.000
நிலவின் விளிம்பில் இப்போது
கருநிழல் படத் தொடங்குகிறது.

00:00:09.500 --> 00:00:12.000
[மாணவர்கள் ஆரவாரம்]

00:00:14.000 --> 00:00:18.000
நிலவு முழுவதும் செம்பு நிறமாகிவிட்டது.
```

முதல் வரியில் WEBVTT என்ற சொல் இருக்க வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் நடுவில் ஒரு வெற்றுவரி வேண்டும். நொடிக்கும் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் இடையே புள்ளிதான் வர வேண்டும். காற்புள்ளி போட்டால் வரி தோன்றாது. எஸ்ஆர்டி வகைக் கோப்பில் காற்புள்ளி வருவதால், அதன் பெயரை மட்டும் மாற்றிப் பயன்படுத்துவோர் இந்த இடத்தில் தடுமாறுவார்கள். பேச்சில்லாத முக்கிய ஒலியைச் சதுர அடைப்புக்குள் தருவது வழக்கம்.

சேமிக்கும்போது வகையில் All files என்றும், Encoding என்ற இடத்தில் UTF-8 என்றும் தேர்ந்தெடுத்து, `kiraganam.ta.vtt` என்பது போலப் பெயரிடுங்கள். நடுவில் உள்ள ta தமிழைக் குறிக்கும். பிறகு ஸ்லைடில் காணொளியைத் தேர்ந்தெடுத்து, Playback பட்டையில் Insert Captions என்பதைச் சொடுக்கி இந்தக் கோப்பைச் சேர்க்க வேண்டும். காட்சியின்போது காணொளியின் கீழுள்ள கட்டுப்பாட்டுப் பட்டையில் வசனவரியைத் தெரிய வைக்கலாம். Alt+J விசையும் அந்தப் பட்டியலைத் திறக்கும்.

வேறொருவர் எடுத்த காணொளி என்றால் பேச்சை மாற்ற முடியாது. அப்போது பேச்சையும் காட்சியையும் சேர்த்து எழுதிய முழு எழுத்துரு ஒன்றைத் தயாரித்து, அந்த ஸ்லைடின் குறிப்புப் பகுதியிலோ அடுத்த ஸ்லைடிலோ வைக்கலாம். காணொளிக்கு முன்னதாகவே அதைப் படிக்க முடிந்தால், மாணவர் பேச்சைக் கேட்கும்போது காட்சியை மனத்தில் பொருத்திக்கொள்வார். பார்வை, செவித்திறன் இரண்டும் இல்லாமல் பிரெய்ல் கருவி கொண்டு படிப்பவருக்கு வசனவரியும் ஒலி விவரிப்பும் எட்டுவதில்லை. இந்த எழுத்துரு ஒன்றே பயன்படும்.

கேட்டுப் பார்த்துச் சோதித்தல்

Review பட்டையில் உள்ள Check Accessibility மாற்றுரை இல்லாத படங்களையும் தலைப்பில்லாத ஸ்லைடுகளையும் கண்டுபிடித்துப் பட்டியலிடும். ஆனால் "சந்திர கிரகணப் படம்" என்ற பயனற்ற மாற்றுரையை அது ஏற்றுக்கொள்ளும். வினாவின் விடையை மாற்றுரை சொல்லிவிட்டதையும் அது அறியாது. வரிசை சரியா என்று பார்க்கச் சொல்லுமே தவிர, 12.23 என்பது 11.01-க்குப் பின் வர வேண்டும் என்பது அதற்குத் தெரியாது.

வரிசையை மட்டும் பார்க்க மென்பொருள் ஏதும் வேண்டாம். ஸ்லைடின் வெற்றிடத்தில் ஒருமுறை சொடுக்கிவிட்டு Tab விசையை மீண்டும் மீண்டும் அழுத்துங்கள். தேர்வுக் கட்டம் ஒவ்வொரு பொருளாகத் தாவும். அது தாவும் வரிசையே படிக்கப்படும் வரிசை.

முழுச் சோதனைக்கு என்விடிஏ தேவை. அதை நிறுவி, அமைப்புகளில் இ-ஸ்பீக் தொகுப்பையும் தமிழ்க் குரலையும் தேர்ந்தெடுங்கள். F5 அழுத்திக் காட்சியைத் தொடங்கி, கீழ் அம்பு விசையால் ஒவ்வொரு வரியாகக் கேளுங்கள். இடைவெளி விசை அடுத்த ஸ்லைடுக்குக் கொண்டுசெல்லும். Ctrl+Shift+S அழுத்தினால் குறிப்புப் பகுதியைப் படிக்கும். மீண்டும் அழுத்தினால் ஸ்லைடுக்குத் திரும்பும். என்விடிஏவை நிறுத்த Insert விசையுடன் Q அழுத்த வேண்டும்.

தயாரித்தவரே சோதிக்கும்போது திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டால் குறை தெரியாது. காது விட்டதைக் கண் நிரப்பிவிடும். திரையை அணைத்துவிட்டுக் கேளுங்கள். பாடத்தை அறியாத ஒருவரைக் கேட்கச் சொல்லி, "முழுக் கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது?" என்று வினவலாம். 11.01 முதல் 12.23 வரை, 82 நிமிடம் என்று அவரால் சொல்ல முடிந்தால் மூன்றாம் ஸ்லைடு சரியாக அமைந்திருக்கிறது. திரைவாசிப்பானை நாள்தோறும் பயன்படுத்தும் ஒருவர் கேட்டுச் சொன்னால் இன்னும் நல்லது. பழகிய காது எங்கே சலிக்கிறது, எங்கே தடுமாறுகிறது என்பது மற்றவர்க்குத் தெரிவதில்லை.

பகிரும்போது கவனிக்க வேண்டியது

இவ்வளவு வேலையும் கோப்பைப் பகிரும் முறையால் வீணாகலாம். பிடிஎஃப் ஆக மாற்றும்போது Print கட்டளையின் வழியே மாற்றினால் மாற்றுரையும் தலைப்பு அமைப்பும் உதிர்ந்துவிடும். Save As வழியாக PDF வகையைத் தேர்ந்தெடுத்து, Options என்பதில் Document structure tags for accessibility என்ற கட்டத்தில் குறி இருக்கிறதா என்று பார்த்துச் சேமியுங்கள். காணொளி பிடிஎஃபில் ஓடாது என்பதால், அதற்கான எழுத்துருவை ஒரு ஸ்லைடாகவே சேர்த்துவிடுவது நல்லது.

ஸ்லைடுகளைத் திரைப்பிடிப்புப் படங்களாக எடுத்து வாட்ஸாப் குழுவில் அனுப்பினால் எதுவும் மிஞ்சாது. ஐந்து ஸ்லைடும் ஐந்து ஊமைப் படங்களாகிவிடும். அதே குழுவில் மூலப் பவர்பாயிண்ட் கோப்பையே இணைப்பாக அனுப்பினால், எழுதிய மாற்றுரையும் அடுக்கிய வரிசையும் சேர்த்த வசனவரியும் அப்படியே மாணவரிடம் போய்ச் சேரும்.